ஒரே நாளிதழை வைத்து ஐந்து வடிகட்டிகளையும் சோதிப்பது எப்படி?

கேள்வி: ஹெர்மன், சோம்ஸ்கி இருவரும் சொன்ன பரப்புரை மாதிரியைப் படித்தேன். செய்திகள் ஐந்து வடிகட்டிகளைத் தாண்டித்தான் நம்மிடம் வருகின்றன என்கிறார்கள். ஏதாவது ஒரு பத்திரிகையின் செய்திகளை எடுத்துக்கொண்டு, அந்த வடிகட்டிகள் உண்மையிலேயே வேலை செய்கின்றனவா என்று நாமே சோதிக்க முடியுமா? முடியும் என்றால் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்:

முடியும். ஆனால் ஐந்தையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. பத்திரிகை ஒன்றே ஒன்றுதான் என்றால், உரிமையாளர் பற்றிய முதல் வடிகட்டியைச் சோதிக்கவே வழி இல்லை. ஏனென்றால் அந்தப் பத்திரிகைக்குள் உரிமை மாறுவதில்லை, மாறாத ஒன்றின் விளைவை அளக்க இயலாது. இந்த மாதிரியை ஆதரித்தோ எதிர்த்தோ எழுதுகிறவர்களில் பலர் இந்த இடத்தைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். ஆதலால் 1988இல் ‘மேனுஃபேக்சரிங் கன்சென்ட்’ என்ற நூலில் இந்த மாதிரியை முன்வைத்த அந்த இருவருமே அதிகம் பயன்படுத்திய நியூயார்க் டைம்ஸ் நாளிதழை எடுத்துக்கொண்டு, அவர்கள் செய்த சோதனை எதைக் காட்டியது, எதைக் காட்டவில்லை, விட்ட இடத்திலிருந்து எப்படித் தொடரலாம் என்று சொல்கிறேன்.

முதலில் ஓர் எல்லையைக் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த மாதிரி செய்தி நிறுவனங்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் பற்றியது. படிக்கிறவர்கள் அதை நம்புகிறார்களா என்பதைப் பற்றி அது எதுவும் கணிக்கவில்லை. அதே போல, ஆசிரியர்களும் அதிகாரிகளும் ஓர் அறையில் கூடிச் சதி செய்கிறார்கள் என்றும் அது சொல்லவில்லை. பெரிய முதலீட்டில் நடக்கும் நிறுவனத்தின் உரிமை, விளம்பர வருவாயைச் சார்ந்திருப்பது, அரசும் பெரிய நிறுவனங்களும் தரும் தகவல்களைச் சார்ந்திருப்பது, வரம்பு மீறும் பத்திரிகைகள் மீது பாயும் ‘ஃபிளாக்’ என்னும் கண்டனமும் தண்டனையும், எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் ஆளும் கருத்தியல் (1988இல் அது கம்யூனிச எதிர்ப்பு) ஆகிய ஐந்தும் சேர்ந்து, யாரும் உத்தரவிடாமலேயே செய்தியை ஒரு பக்கம் சாய்க்கின்றன என்பதே அதன் வாதம். எனவே ‘ஆசிரியரை யாரும் மிரட்டவில்லையே’ என்பது இதற்கு மறுப்பு ஆகாது. ‘மக்கள்தாம் போரை எதிர்த்தார்களே’ என்பதும் ஆகாது.

அவர்கள் செய்த புகழ்பெற்ற சோதனை இணை ஒப்பீடு. போலந்தில் அரசை எதிர்த்த கத்தோலிக்கப் பாதிரியார் யெர்ஸி போபியெலூஷ்கோ 1984 அக்டோபர் 19 அன்று கடத்தப்பட்டு, உள்துறை அமைச்சக அதிகாரிகளால் கொல்லப்பட்டார். அவருக்கு எதிர்த்தட்டில், அமெரிக்காவின் செல்வாக்குக்கு உட்பட்ட லத்தீன் அமெரிக்க நாடுகளில் கொல்லப்பட்ட நூறு மதப் பணியாளர்களை வைத்தார்கள். அந்த நூறு பேரில் 1964 முதல் 1978 வரை கொல்லப்பட்ட 72 பேர், குவாத்தமாலாவில் 1980களில் கொல்லப்பட்ட 23 பேர், எல் சால்வடாரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ, அதே நாட்டில் 1980 டிசம்பரில் கொல்லப்பட்ட நான்கு அமெரிக்கப் பெண்கள் ஆகியோர் அடக்கம். ஒவ்வொரு கொலைக்கும் முதல் செய்தி வந்த நாளிலிருந்து 18 மாதங்களுக்கான செய்திகளை எண்ணினார்கள். நியூயார்க் டைம்ஸில் போபியெலூஷ்கோவுக்கு 78 கட்டுரைகள், நூறு பேருக்கும் சேர்த்து 57. அச்சான செய்தியின் நீளத்தை அளக்கும் பத்தி அங்குலக் கணக்கில் பார்த்தால் 1,183க்கு எதிராக 604.5. முதல் பக்கத்தில் பத்துக்கு எட்டு. தலையங்கம் மூன்றுக்குச் சுழியம்.

இந்த அட்டவணையில் பலரும் பெரிய எண்ணைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதிலுள்ள மிக வலுவான வரி அந்த நான்கு அமெரிக்கப் பெண்களைப் பற்றியது. அவர்களுக்குக் கிடைத்தவை 26 கட்டுரைகள். வெளிநாட்டுச் செய்தியில் தன் நாட்டுக் குடிமகன் சிக்கியிருந்தால் அந்தச் செய்தி பெரிதாகும் என்பது செய்தி மேசையில் உட்கார்ந்த எவருக்கும் தெரிந்த வழக்கம். அந்த வழக்கப்படி பார்த்தால் போலந்துப் பாதிரியாரைவிட அந்த அமெரிக்கப் பெண்களுக்கு அதிக இடம் கிடைத்திருக்க வேண்டும். கிடைத்ததோ மூன்றில் ஒரு பங்கு. சாதாரணமான செய்தி மதிப்பு ஒரு திசையிலும், பரப்புரை மாதிரி அதற்கு நேர் எதிர்த் திசையிலும் கணிக்கும் இடத்தில் மாதிரி வென்றது. சோதனைக்கு வழக்குகளைத் தேர்ந்தெடுக்கும்போது தேட வேண்டியது இப்படிப்பட்ட இடத்தைத்தான். இரண்டு கணிப்புகளும் ஒரே பக்கம் சாயும் வழக்கு எத்தனை இருந்தாலும் அவற்றால் பயன் இல்லை.

ஆனால் அதே வரியில்தான் ஓட்டையும் இருக்கிறது. போபியெலூஷ்கோவைக் கொன்ற அதிகாரிகள் மீதான விசாரணை டோருன் நகரில் 1984 டிசம்பர் இறுதியில் தொடங்கி 1985 பிப்ரவரி 7இல் முடிந்துவிட்டது. கம்யூனிச நாடு ஒன்று தன் ரகசியப் போலீஸ் அதிகாரிகளையே வெளிப்படையாக விசாரித்தது அபூர்வமான நிகழ்வு; தினமும் செய்தி தரக்கூடியது. அமெரிக்கப் பெண்களைக் கொன்ற எல் சால்வடார் தேசியக் காவல்படையினர் ஐவர் தண்டிக்கப்பட்டதோ 1984 மே மாதத்தில், கொலை நடந்து மூன்றரை ஆண்டுகளுக்குப் பிறகு. 18 மாதம் என்ற வரம்பு முதல் விசாரணையை முழுவதுமாக உள்ளே இழுத்துக்கொண்டு, இரண்டாவதை முழுவதுமாக வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே நீங்கள் இதை மறுபடி செய்வதானால் இரண்டு கணக்குகள் எடுக்க வேண்டும். ஒன்று, உடல் கிடைத்த நாளிலிருந்து முதல் 50 நாள்கள் மட்டும். அப்போது எந்த வழக்கிலும் விசாரணை நடக்கவில்லை. இன்னொன்று, விசாரணை தொடங்கிய நாளிலிருந்து தீர்ப்பு வரை, ஒவ்வொரு வழக்கிலும் தனியாக. முதல் கணக்கிலும் இடைவெளி அப்படியே இருந்தால் மாதிரிக்குப் பலம். இடைவெளி பெருமளவு சுருங்கினால், அட்டவணையின் ஒரு பகுதி நீதிமன்ற நாட்காட்டியைத்தான் அளந்திருக்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

தேடும் முறையிலும் ஒரு பொறி உண்டு. பழைய இதழ்களின் மின்தொகுப்பில் கொல்லப்பட்டவரின் பெயரைப் போட்டுத் தேடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். போபியெலூஷ்கோவின் பெயர் இல்லாமல் அவரைப் பற்றிய செய்தி அநேகமாக வந்திருக்காது. குவாத்தமாலாவில் கொல்லப்பட்ட ஒரு பாதிரியாரோ ‘மலைப்பகுதியில் ஒரு பாதிரியார் சுட்டுக் கொல்லப்பட்டார்’ என்று ஒரே வாக்கியத்தில், பெயரின்றி வந்திருக்கலாம். பெயரால் தேடினால் அது அகப்படாது. விளைவாக, நீங்கள் நிரூபிக்க நினைக்கும் புறக்கணிப்பை உங்கள் தேடலே பெரிதாக்கிவிடும். எனவே இரு பக்கத்துக்கும் `Guatemala AND (priest OR nun OR catechist)` என்பது போன்ற ஒரே வகையான, பெயர் சாராத தேடல்தொடரைப் பயன்படுத்தி, கிடைப்பவை அனைத்தையும் கண்ணால் படித்துத் தேவையற்றவற்றைக் கழிக்க வேண்டும். கொஞ்சம் சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் தவிர்க்க முடியாதது. பெயர் சொல்லப்பட்டதா இல்லையா என்பதையே தனி விவரமாகக் குறித்துக்கொண்டால், யாருடைய மரணம் ஒரு மனிதரின் மரணமாக எழுதப்பட்டது என்ற கேள்விக்கும் அதுவே விடை தரும்.

இத்தனையும் சரியாகச் செய்தாலும் இணை ஒப்பீடு ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாது: சாய்வு இருக்கிறது, சரி, அதை உண்டாக்கியது எந்த வடிகட்டி? ஐந்தும் ஒரே பக்கம் தள்ளுகின்றன என்பதால் விளைவைப் பார்த்துக் காரணத்தைப் பிரிக்க முடியாது. பிரிப்பதற்கு ஒன்றைத் தவிர மற்றவை ஏறத்தாழ ஒன்றாக இருக்கும் சூழ்நிலை வேண்டும். அப்படி ஒன்று 2002இல் தானாகவே அமைந்தது.

2002 செப்டம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில், அணுகுண்டுக்கான பொருள்களைத் தேடும் முயற்சியை ஈராக் தீவிரப்படுத்தியிருக்கிறது என்று ஒரு செய்தி வந்தது. அதன் மையத்தில் இருந்தவை ஈராக் வாங்க முயன்ற உயர்தர அலுமினியக் குழாய்கள். யுரேனியத்தைச் செறிவூட்டும் மையவிலக்குக் கருவிக்காகவே அவை என்று பெயர் சொல்லாத நிர்வாக அதிகாரிகள் கூறியிருந்தார்கள். அன்று காலையே தொலைக்காட்சி நேர்காணலில் துணை அதிபர் டிக் செனி அந்த நாளிதழில் வந்த செய்தியையே சான்றாகக் காட்டிப் பேசினார். அரசு கொடுத்த தகவல், அதைச் சார்பற்ற பத்திரிகையின் கண்டுபிடிப்பாக மேற்கோள் காட்டிய அரசு. மூன்றாவது வடிகட்டியை விளக்க இதைவிடத் தெளிவான உதாரணத்தை யாரும் புனைந்துகூட எழுத முடியாது. அந்தக் குழாய்கள் சாதாரணப் பீரங்கி ராக்கெட்டுகளுக்கானவை என்று அமெரிக்க எரிசக்தித் துறையின் வல்லுநர்கள் அதற்கு முன்பே கருதிவந்தார்கள்.

இதை நாம் ஊகிக்க வேண்டிய தேவையில்லை, ஏனென்றால் 2004 மே 26 அன்று அந்த நாளிதழே ஆசிரியர் குறிப்பு ஒன்றில் தன் செய்திகளை மறுஆய்வு செய்தது. குழாய்களைப் பற்றிய ஐயம் 3,600 சொற்கள் கொண்ட அந்தக் கட்டுரையில் 1,700 சொற்களுக்குப் பிறகே வந்தது என்று அந்தக் குறிப்பே சொல்கிறது. ஐந்து நாள் கழித்து, உளவு அமைப்புகளுக்குள்ளேயே இதைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருப்பது நிருபர்களுக்குத் தெரியவந்தபோது, அது ஏ13ஆம் பக்கத்தில், முந்தைய செய்தியைத் திருத்துகிறோம் என்ற சாயலே இல்லாத தலைப்பின் கீழ், கட்டுரையின் ஆழத்தில் இடம்பெற்றது. 2003 ஜனவரியில் சர்வதேச அணுசக்தி முகமை அந்தச் சான்றையே மறுத்தபோது, அந்தச் செய்தி ஏ10ஆம் பக்கத்துக்குப் போனது. அது முதல் பக்கத்துக்கே உரியதாக இருந்திருக்கலாம் என்று குறிப்பு ஒத்துக்கொண்டது. (அந்த ஆசிரியர் குறிப்பும் ஏ10ஆம் பக்கத்தில்தான் அச்சாயிற்று.)

இந்த விவரங்களில் உங்கள் அளவுகோல் கிடைத்துவிடுகிறது. பொய் சொன்னார்களா என்று அளப்பது வீண். அதே கட்டுரைக்குள் ஐயமும் இருந்தது என்பதால், ‘எல்லாத் தரப்பையும் சொன்னோமே’ என்று ஆசிரியர் எளிதாகச் சொல்லிவிடலாம். அளக்க வேண்டியது இடத்தை: அரசின் கூற்று எந்தப் பக்கத்தில், எத்தனையாவது சொல்லில் வந்தது, அதை ஐயுறும் கூற்று எந்தப் பக்கத்தில், எத்தனையாவது சொல்லில் வந்தது, இரண்டுக்கும் நடுவே எத்தனை நாள். செப்டம்பர் 8 கட்டுரையில் ஐயம் தொடங்கும் புள்ளி கிட்டத்தட்ட 47 விழுக்காட்டில் விழுகிறது. 2002 ஆகஸ்ட் முதல் 2003 மார்ச் வரை ஈராக்கின் ஆயுதங்களைப் பற்றி வந்த எல்லாச் செய்திக் கட்டுரைகளிலும் இதே புள்ளியைக் குறித்தால், ஒரு கட்டுரை விதிவிலக்கா அல்லது வழக்கமா என்பது தெரியும்.

அதோடு ஒவ்வொரு கூற்றையும் யார் சொன்னார் என்று குறிக்க வேண்டும். பெயருடன் பேசும் மூத்த அதிகாரி, பெயரில்லாத நிர்வாக அதிகாரி, உளவுத்துறையின் இடைநிலை ஆய்வாளர், அரசுக்கு வெளியே உள்ள தொழில்நுட்ப வல்லுநர், ஐ.நா. ஆய்வாளர், ஈராக்கிலிருந்து தப்பி வந்தவர், ஈராக் அரசு என்று ஏழெட்டு வகைகள் போதும். இதை ஒருவர் மட்டும் செய்யக் கூடாது. முடிவு என்னவாக இருக்க வேண்டும் என்று தெரிந்த ஒருவருக்குப் பெயரில்லாத இடைநிலை ஆய்வாளரும் ‘நிர்வாக அதிகாரி’யாகத்தான் தெரிவார். இருவர் தனித்தனியாக ஐம்பது கட்டுரைகளைக் குறித்து, தற்செயலாக ஒத்துப்போகக்கூடிய அளவைக் கழித்துவிட்டு ஒப்புமையைக் கணக்கிட வேண்டும். கிரிப்பன்டார்ஃபின் ஆல்ஃபா என்ற அளவீட்டில் 0.8க்குக் கீழே போனால் வகைகளின் வரையறையைத் திருத்திவிட்டு மறுபடி தொடங்குவதுதான் நல்லது.

இனி பிரித்துப் பார்க்கும் வேலை. அதே காலத்தில் நைட் ரிடர் என்ற செய்தித்தாள் குழுமத்தின் வாஷிங்டன் அலுவலகத்தில் ஜோனதன் லேண்டே, வாரன் ஸ்ட்ரோபெல் ஆகிய நிருபர்கள் நேர் எதிரான செய்திகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். குழாய்ச் செய்திக்கு இரண்டு நாள் முன்பு, செப்டம்பர் 6 அன்றே, ஈராக்கிடம் ஆயுதம் இருப்பதற்கு உறுதியான சான்று இல்லாதது மூத்த அதிகாரிகளையே கவலைப்பட வைத்திருக்கிறது என்று அந்த அலுவலகம் எழுதியது. நைட் ரிடர் சிறு பத்திரிகை அல்ல. அமெரிக்காவின் மிகப் பெரிய நாளிதழ்க் குழுமங்களில் ஒன்று, பங்குச் சந்தையில் இருந்தது, விளம்பர வருவாயில் ஓடியது. முதல் இரண்டு வடிகட்டிகளைப் பொறுத்தவரை அது நியூயார்க் டைம்ஸிலிருந்து வேறுபடவில்லை. அதே நாடு, அதே 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிந்தைய மனநிலை என்பதால் ஐந்தாவதிலும் வேறுபாடு இல்லை. வேறுபட்டது மூன்றாவதில் மட்டுமே. அந்தக் குழுமத்துக்கு வாஷிங்டனிலோ நியூயார்க் நகரிலோ சொந்த நாளிதழ் இல்லாததால், தங்கள் செய்தி எங்கே படிக்கப்பட வேண்டும் என்று மூத்த அதிகாரிகள் நினைத்தார்களோ அந்த இடம் அவர்களிடம் இல்லை. உச்சியில் இருந்தவர்கள் கதவைத் திறக்காததால், அந்த நிருபர்கள் உளவுத்துறையிலும் ராணுவத்திலும் இடைநிலையில் இருந்தவர்களிடம் போனார்கள்; ஐயம் இருந்தது அங்கேதான்.

இதிலிருந்து இரண்டு முடிவுகளை எடுக்கலாம், இரண்டும் மாதிரியை ஒரே அளவில் மகிழ்விக்காது. செய்தி மூலத்தைச் சார்ந்திருப்பது தனியாகவே பெரும் விளைவை உண்டாக்க வல்லது என்பதற்கு இது நல்ல சான்று. அதே நேரத்தில், உரிமையும் விளம்பரமும் முடிவைத் தீர்மானிக்கும் என்று மாதிரியை இறுக்கமாகப் படித்தால், நைட் ரிடர் அப்படி எழுதியிருக்கவே கூடாது. ‘ஒரு விதிவிலக்குதானே’ என்று ஆதரவாளர்கள் சொல்லலாம். அந்தக் குழுமத்தின் சில நாளிதழ்களே தங்கள் வாஷிங்டன் அலுவலகத்தின் செய்திகளை வெளியிடாமல் விட்டன என்பதையும் அவர்கள் சுட்டிக்காட்டலாம், அது நியாயமான பதில்தான். ஆனால் அப்படிச் சொன்னால், வடிகட்டி உரிமையாளர் அறையில் அல்லாமல் ஊர்ப் பதிப்பின் ஆசிரியர் மேசையில் இருக்கிறது என்று வாதத்தையே வேறோர் இடத்துக்கு நகர்த்துகிறார்கள். அதை அவர்கள் ஒப்புக்கொண்டாக வேண்டும்.

இங்கே இன்னொரு போட்டிக் கருதுகோளையும் கணக்கில் எடுக்க வேண்டும். செய்தியில் வரும் கருத்துகளின் அகலம், ஆளும் வட்டாரத்துக்குள் நடக்கும் விவாதத்தின் அகலத்தை அப்படியே பின்பற்றும் என்று அரசியல் தொடர்பியல் ஆய்வாளர் லான்ஸ் பென்னெட் 1990இல் சொன்னார். நிறுவன உரிமை, விளம்பரம் எதுவும் தேவையில்லாமலே இது பல தரவுகளை விளக்கிவிடும். 2002 அக்டோபரில் போர்த் தீர்மானத்தை எதிர்த்துக் கீழவையில் 133 பேரும் செனட்டில் 23 பேரும் வாக்களித்தார்கள். ஆக எதிர்ப்பு ஆளும் வட்டாரத்துக்குள்ளேயே கணிசமாக இருந்தது. பென்னெட் சொல்வது மட்டுமே சரி என்றால், அந்த எதிர்ப்பின் அளவுக்குச் செய்திகளிலும் ஐயம் இடம்பெற்றிருக்க வேண்டும். பரப்புரை மாதிரியோ நுட்பமாகக் கணிக்கிறது: போரை எப்போது, யாருடன் சேர்ந்து நடத்துவது என்ற தந்திர விவாதம் தாராளமாக வரும், ஆனால் ஆயுதம் இருக்கிறதா, போர் தொடுக்க உரிமை இருக்கிறதா என்ற அடிப்படைக் கேள்வி வராது. ஆகவே ஐயக் கூற்றுகளை எண்ணும்போது அவை தந்திரத்தை ஐயுறுகின்றனவா அடிப்படையை ஐயுறுகின்றனவா என்று ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்துவிடுங்கள். அந்த ஒரு கட்டம் இல்லாமல் நடந்த ஆய்வுகள் இரண்டு கருதுகோள்களுக்கும் ஒரே நேரத்தில் சான்றாகிவிடுகின்றன.

விளம்பர வடிகட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நியூயார்க் டைம்ஸ் நிறுவனத்தில் 2012இல் வாசகர் செலுத்தும் தொகை விளம்பர வருவாயைத் தாண்டியது. அதற்கு முன் நிலைமை தலைகீழாக இருந்தது. ஒரே உரிமைக் குடும்பம், ஒரே ஊர், ஆனால் வருவாயின் ஆதாரம் மாறியிருக்கிறது என்பதால், இந்த ஒரு நாளிதழுக்குள்ளேயே இரண்டாவது வடிகட்டியை முன், பின் என்று வைத்துப் பார்க்க இடம் உண்டு. பெரிய விளம்பரதாரர்களின் தொழில்களைப் பற்றிய புலனாய்வுச் செய்திகளின் பங்கு அதற்குப் பிறகு உயர்ந்ததா என்று பார்க்கலாம். ஆனால் அதே ஆண்டுகளில் இணையப் பதிப்பு, நிருபர் எண்ணிக்கை, கட்டுரை நீளம், அரசியல் சூழல் அனைத்தும் சேர்ந்தே மாறின. எனவே எந்த முடிவு வந்தாலும் அதை விளம்பரத்தின் மேல் மட்டும் ஏற்றிச் சொல்ல முடியாது. விளம்பரம் போனதும் சந்தாதாரரின் விருப்பம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது என்பதும் மாதிரி முன்கூட்டியே கணக்கில் எடுக்காத ஒன்று.

‘ஃபிளாக்’ வடிகட்டிக்கு எண்ணிக்கையைவிடக் காலவரிசைதான் நல்ல கருவி. அதற்கு இதே நாளிதழில் ஒரு வழக்கு உண்டு. எல் சால்வடார் ராணுவத்தின் அட்லகாட்டில் படைப்பிரிவு 1981 டிசம்பரில் எல் மொசோட்டே என்ற ஊரில் பெரும் படுகொலை நடத்தியது. நியூயார்க் டைம்ஸின் ரேமண்ட் பானர், வாஷிங்டன் போஸ்டின் அல்மா கியெர்மோபிரியெட்டோ இருவரும் கொரில்லாக்களின் உதவியோடு அங்கே போய்ப் பிணங்களைப் பார்த்தார்கள்; 1982 ஜனவரி 27 அன்று இரண்டு நாளிதழ்களிலும் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. மறுநாள், எல் சால்வடாரில் மனித உரிமை முன்னேறுகிறது என்று ரீகன் நிர்வாகம் சான்றளித்தது. ராணுவ உதவி தொடர அந்தச் சான்று சட்டப்படி தேவைப்பட்டது. பிப்ரவரி தொடக்கத்தில் வெளியுறவுத் துறைத் துணைச் செயலர் தாமஸ் எண்டர்ஸ், திட்டமிட்ட படுகொலைக்கு ஆதாரம் இல்லை என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார். பிப்ரவரி 10 அன்று வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் நீண்ட தலையங்கம் பானரைக் குறிவைத்துத் தாக்கியது. ஆகஸ்டில் பானர் மத்திய அமெரிக்காவிலிருந்து நியூயார்க்குக்குத் திரும்ப அழைக்கப்பட்டார். 1992இல் அந்த ஊர்த் தேவாலயத்தை ஒட்டிய கட்டடத்தின் இடிபாடுகளைத் தோண்டியபோது 143 பேரின் எலும்புகள் கிடைத்தன. அவர்களில் 131 பேர் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்று ஐ.நா. உண்மை ஆணையம் 1993இல் பதிவு செய்தது.

இந்தக் காலவரிசையைப் படித்த எவருக்கும் ‘அழுத்தத்தால் மாற்றப்பட்டார்’ என்றே தோன்றும். அன்றைய நிர்வாக ஆசிரியர் ஏ. எம். ரோசென்தால் அதைத் திட்டவட்டமாக மறுத்தார். பானருக்கு நாளிதழ்ப் பணியில் பயிற்சி போதவில்லை என்பதே காரணம் என்றார். ஒரு மனிதரின் உள்நோக்கத்தை நாம் நிறுவ முடியாது, மாதிரிக்கு அது தேவையும் இல்லை. தேவையானது இதுதான்: 1982 ஆகஸ்டுக்கு முந்தைய ஆறு மாதங்களிலும் பிந்தைய ஆறு மாதங்களிலும் எல் சால்வடாரிலிருந்து வந்த செய்திகளில், கொல்லப்பட்ட கிராமத்தவரும் அவர்களின் உறவினரும் எத்தனை முறை நேரடியாகப் பேசுகிறார்கள், தூதரகமும் ராணுவமும் எத்தனை முறை பேசுகின்றன என்று, ஈராக் வழக்குக்குச் சொன்ன அதே குறிப்பு முறையில் எண்ண வேண்டும். விகிதம் மாறவில்லை என்றால், ஒரு நிருபர் மாற்றப்பட்டார் என்பதற்கு மேல் நான்காவது வடிகட்டியைப் பற்றி அந்த நாளிதழின் பக்கங்கள் எதுவும் சொல்லவில்லை என்று எழுத வேண்டியதுதான். மாறியிருந்தாலும் உடனே மாதிரியின் பக்கம் வரவு வைக்கக் கூடாது. அதே ஆண்டு மார்ச்சில் எல் சால்வடாரில் தேர்தல் நடந்து முடிந்தது, அதன்பின் அந்த நாட்டின் மீதான பொதுவான செய்தி ஆர்வமே மாறியிருக்கலாம். அதைச் சரிபார்க்க, அதே தேதிகளில் வாஷிங்டன் போஸ்டின் செய்திகளையும் எண்ணுங்கள்: இரண்டிலும் ஒரே அளவு சரிவு என்றால் அது ஆர்வத்தின் சரிவு அல்லது இரண்டின் மீதும் பட்ட அழுத்தம், நியூயார்க் டைம்ஸில் மட்டும் கிராமத்தவரின் குரல் குறைந்திருந்தால், நிருபர் மாற்றம் செய்தியில் விட்ட தடயம் அது.